சர்க்கரை டைரிக்கு வரைபடம்: இலக்குப் பட்டையை எங்கே போடுவது?

கேள்வி: அப்பாவுக்கு இனிப்பு நீர், வயது 66, பட்டர்வொர்த்தில் இருக்கிறார். காலையில் வெறும் வயிற்றிலும், சில நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் சோதித்து டைரியில் எழுதுகிறார். அதைப் பைத்தானில் வரைந்து 4.4 முதல் 7.0 mmol/L வரை பச்சைப் பட்டை போட்டேன். கோடு ரம்பம் மாதிரி மேலும் கீழும் போகிறது, பாதிப் புள்ளிகளுக்கு மேல் பட்டைக்கு வெளியே. டாக்டரிடம் இதைக் காட்டலாமா? இரண்டு வார எண்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

இப்படியே காட்ட வேண்டாம். கொஞ்சம் மாற்றிவிட்டுக் காட்டுங்கள். பினாங்கில் இனிப்பு நீர் நோயாளிகளின் டைரிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. நீங்கள் சொல்லும் ரம்பக் கோட்டை அடிக்கடி பார்க்கிறேன். அது பெரும்பாலும் உடம்பிலிருந்து வருவதில்லை, வரைந்த முறையிலிருந்து வருகிறது. காலை எண்ணையும் இரவு எண்ணையும் தேதி வரிசைப்படி ஒரே கோட்டில் கோத்திருக்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு சர்க்கரை ஏறுவது யாருக்கும் இயல்பு. காலையில் தாழ்வு, இரவில் உயர்வு, மறுநாள் காலையில் மறுபடி தாழ்வு என்று கோடு போய்த்தான் ஆகும்.

பட்டையிலும் அதே சிக்கல்தான். மலேசிய சுகாதார அமைச்சின் 2020 வழிகாட்டியில் வெறும் வயிற்றுக்கு 4.4 முதல் 7.0 வரை ஓர் இலக்கும், சாப்பிட்டு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் பார்த்தால் 4.4 முதல் 8.5 வரை வேறோர் இலக்கும் இருக்கின்றன. நீங்கள் முதலாவதை மட்டும் எடுத்து எல்லாப் புள்ளிக்கும் பின்னால் பூசிவிட்டீர்கள். மார்ச் 4 இரவு 8.1 என்று இருக்கிறதே, அது அந்த நேரத்துக்கு நல்ல எண். உங்கள் படத்தில் அது எல்லை தாண்டி நிற்கிறது. அப்பா அந்தப் படத்தைப் பார்த்தால், ஒழுங்காகச் சாப்பிட்ட நாளையும் தப்பு செய்த நாளாகத்தான் நினைப்பார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த எண்கள் பொதுவானவை. வயதானவர்களுக்கும், அடிக்கடி சர்க்கரை இறங்குகிறவர்களுக்கும் டாக்டர் இலக்கைத் தளர்த்திக் கொடுப்பதுண்டு. அப்பாவின் டைரியில் டாக்டர் கைப்பட வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் பட்டை. எழுதவில்லை என்றால் அடுத்த அப்பாயின்மென்ட்டில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். இரண்டு கட்டங்கள் வேண்டும், ஒன்றின் கீழ் ஒன்றாக. மேலே வெறும் வயிறு, கீழே இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டுக்கும் தேதி அச்சு ஒன்றே, உயர அளவும் ஒன்றே, பட்டை மட்டும் வேறு. பக்கம் பக்கமாக வைத்தால் ஒரு நாளின் இரவையும் மறுநாள் காலையையும் கண் சேர்த்துப் பார்க்காது. அந்தச் சேர்க்கைதான் உங்கள் எண்களில் முக்கியமான விஷயம், கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

```python
import pandas as pd
import matplotlib.pyplot as plt

d = pd.read_csv("appa.csv")   # date, slot, mmol
d["date"] = pd.to_datetime(d["date"], format="%d/%m/%Y")

fig, axs = plt.subplots(2, 1, sharex=True, sharey=True, figsize=(8, 7))
for ax, slot, lo, hi in [(axs[0], "fasting", 4.4, 7.0),
                         (axs[1], "dinner2h", 4.4, 8.5)]:
    s = d[d["slot"] == slot].set_index("date")["mmol"]
    s = s.sort_index().asfreq("D")
    ax.axhspan(lo, hi, color="0.88", zorder=0)
    ax.plot(s.index, s, "ko-", lw=0.8)
    ax.set_ylim(2, 16)
    ax.grid(axis="x", lw=0.3)
fig.autofmt_xdate()
fig.savefig("appa.png", dpi=200)
```

இதில் `asfreq("D")` என்ற ஒரு சொல்தான் படத்தை நேர்மையாக்குகிறது. சோதிக்காத நாளுக்கு அது வெற்றிடம் போடும், கோடு அங்கே அறுந்துவிடும். அது இல்லாவிட்டால் மார்ச் 7 காலை 6.9-லிருந்து மார்ச் 9 காலை 8.9 வரை ஒரு சாய்கோடு ஏறும். நடுவில் 8-ஆம் தேதி 7.9 இருந்தது போல் கண் படித்துக்கொள்ளும். அன்று சோதனையே இல்லை. கீழ்க் கட்டத்தில் இரவு எண்கள் விட்டு விட்டு இருப்பதால் கோடே வராது, தனிப் புள்ளிகளாக நிற்கும். அதுவே சரி. ஒரே நாளில் ஒரே வேளைக்கு இரண்டு எண் எழுதியிருந்தால் இந்த வரி பிழை காட்டும். அப்போது டைரியைத் திறந்து பாருங்கள். விரலைச் சரியாகக் கழுவாமல் குத்தி, சந்தேகப்பட்டு மறுபடி சோதித்திருப்பார். பழம் உரித்த கையில் இது நடக்கும். கழுவிய பின் எடுத்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சைக்குப் பதில் வெளிர் சாம்பல் போட்டதற்குக் காரணம் உண்டு. கிளினிக்குக்குக் கொண்டுபோகும் தாள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சாகும். வெளிர் பச்சை அதில் காணாமல் போகலாம், அடர் பச்சை புள்ளிகளை விழுங்கலாம். பட்டைக்கு வெளியே உள்ள புள்ளிகளைச் சிவப்பாக்கவும் வேண்டாம். அது ஏன் என்று மீட்டரைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

உயர அளவை 2 முதல் 16 வரை நிலையாக வைத்திருக்கிறேன். மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால், எண்கள் நெருக்கமாக இருக்கும் மாதத்தில் சின்ன ஏற்ற இறக்கம்கூட மலையாகத் தெரியும். போன மாதத் தாளையும் இந்த மாதத் தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும் முடியாது.

இனி உங்கள் எண்கள். வெறும் வயிறு: மார்ச் 3 முதல் 7 வரை 6.8, 7.1, 6.5, 7.4, 6.9. 8-ஆம் தேதி இல்லை. 9-இல் 8.9, 10-இல் 6.7. 11 இல்லை. 12 முதல் 14 வரை 6.6, 3.7, 6.4. 15 இல்லை. 16-இல் 8.6. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு: 4-இல் 8.1, 6-இல் 9.6, 8-இல் 13.2, 10-இல் 8.4, 12-இல் 8.3, 15-இல் 12.7.

வெறும் வயிற்று எண்கள் பதினொன்றின் சராசரி 6.9. பட்டைக்குள்ளேயே இருக்கிறது. சராசரியை மட்டும் டாக்டரிடம் சொன்னால் எல்லாம் நன்றாகப் போகிறது என்றுதான் கேட்பவர் நினைப்பார். படத்தில் பாருங்கள். மேல் கட்டத்தில் இரண்டு புள்ளிகள் மட்டும் தெளிவாக மேலே எழும்புகின்றன, 9-ஆம் தேதியும் 16-ஆம் தேதியும். இரண்டும் திங்கட்கிழமை. கண்ணைக் கீழே இறக்கினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடப்பக்கம் கீழ்க் கட்டத்தின் மிக உயரமான இரண்டு புள்ளிகள் இருக்கின்றன, 13.2-உம் 12.7-உம். இரண்டும் ஞாயிறு இரவு. போதாததற்கு, அந்த இரண்டு ஞாயிறு காலையிலும் அவர் சோதிக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் நடைமுறையே வேறாக இருக்கிறது. கோயிலோ, பிள்ளைகள் வீட்டுச் சாப்பாடோ, வெளியே நாசி கண்டாரோ, ஏதோ ஒன்று. டாக்டருக்கு இது தங்கமான தகவல். வாரம் முழுவதுக்கும் மாத்திரையைக் கூட்டுவதா, ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதா என்பது இதை வைத்து மாறும். உங்கள் ரம்பக் கோட்டிலும் இதே புள்ளிகள் இருந்தன, ஆனால் சாதாரண இரவு ஏற்றத்துக்குள் அவை மறைந்துவிட்டன.

அடுத்து 7.1-உம் 7.4-உம். இரண்டும் பட்டைக்குச் சற்று வெளியே. இவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டு மீட்டர்களுக்கான 2013-ஆம் ஆண்டின் ISO 15197 தரம் என்ன கேட்கிறது தெரியுமா? சர்க்கரை ஏறத்தாழ 5.6-க்கு மேல் இருக்கும்போது, நூற்றில் 95 முடிவுகள் ஆய்வுக்கூட அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். அதற்குக் கீழே 0.83 வரை விலகல் இருக்கலாம். அதாவது உண்மை அளவு 7.0 என்றால், நல்ல மீட்டரே 6.0-உம் காட்டலாம், 8.0-உம் காட்டலாம். அந்தத் தடுமாற்றத்துக்குள் 7.1-ஐ 7.0-இலிருந்து பிரித்து, ஒன்றுக்குக் கறுப்பும் இன்னொன்றுக்குச் சிவப்பும் அடிப்பது மீட்டருக்கே தெரியாத ஒன்றைப் படம் சொல்வதாகிவிடும். பட்டையின் ஓரத்தில் அழுத்தமான கோடும் போடாமல் விட்டதற்கு இதுவே காரணம். ஒரு புள்ளி ஓரத்தில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். பட்டையை விட்டு நன்றாக விலகியிருக்கிறதா, அதே கிழமையில் திரும்ப வருகிறதா என்று பாருங்கள்.

ஆனால் கீழ்ப்பக்கம் இந்தத் தாராளம் கூடாது. 13-ஆம் தேதி காலை 3.7. படத்தில் அது பட்டைக்குக் கீழே சின்ன இடைவெளியில்தான் இருக்கிறது, 13.2 போல் கண்ணில் குத்தாது. உயர அளவின் குறை இது. மேலே ஏற நிறைய இடம் உண்டு, கீழே இறங்கக் கொஞ்சம்தான் உண்டு. உடம்புக்கோ அந்தக் கொஞ்சம்தான் உடனடி ஆபத்து. 3.9-க்குக் கீழே எது வந்தாலும் சர்க்கரை இறங்கியதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மீட்டர் தவறாக இருக்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிய நிலையில் இருப்பவருக்கு வாயில் எதுவும் கொடுக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள். படத்தில் 3.9-இல் ஒரு மெல்லிய புள்ளிக்கோடு போட்டுவிடுங்கள், `for` சுற்றுக்குள் `ax.axhline(3.9, ls=":", color="k")` என்ற ஒரே வரி. பட்டைக்குக் கீழே என்பது ஒன்று, அந்தக் கோட்டுக்குக் கீழே என்பது வேறு என்று அப்போது தெரியும்.

அந்த 3.7-க்குப் பக்கத்தில் அப்பா டைரியில் ‘இரவு மாத்திரை போட்டேன், சோறு கொஞ்சம்’ என்று எழுதியிருக்கிறார். இந்த ஒரு வரி அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும், `axs[0].annotate` வைத்துப் புள்ளியின் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை இவ்வளவு இறங்குவது அரிது. கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ இருந்தால், மருந்து உள்ளே போய்ச் சாப்பாடு குறையும்போது இப்படி நடக்கும். அவர் மாத்திரைப் பட்டியலைப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் அப்பாயின்மென்ட் வரை காத்திருக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

தமிழில் குறிப்பு எழுத முயன்றால் ஒரு தொல்லை வரும். matplotlib-இன் இயல்பான எழுத்துருவில் தமிழ் இல்லை, வெறும் கட்டங்கள் வரும். தமிழ் எழுத்துருவைக் கொடுத்தாலும் பல பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழும். ‘கொஞ்சம்’ என்பதைப் படிக்க முடியாது. படத்தில் எண்ணும் 1, 2 என்ற குறியும் மட்டும் போட்டுவிட்டு, குறிப்புகளைத் தாளின் அடியில் தட்டச்சு செய்யுங்கள். டாக்டருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அங்கேயே மலாயிலும் ஒரு வரி எழுதலாம்.

இலக்கு நடுவில் மாறினால்? டாக்டர் மார்ச் 20-இல் இலக்கைத் தளர்த்தினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டை முழுவதையும் புதிய எண்ணுக்கு மாற்றினால், பழைய நாள்களைப் புதிய அளவுகோலால் தீர்ப்புச் சொல்வதாகும். `axhspan`-க்குப் பதில் `fill_between` எடுத்து, தேதி, கீழ் எல்லை, மேல் எல்லை மூன்றையும் கொடுங்கள், `step="post"` என்பதையும் சேர்த்து. அதைச் சேர்க்காவிட்டால் இலக்கு மெல்ல மெல்ல நகர்ந்தது போல் பட்டை சாய்ந்து போகும். கடைசித் தேதிக்கும் ஒரு வரி கொடுக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மாறிய அன்றே பட்டை முடிந்துவிடும்.

உங்கள் தங்கையோ அண்ணனோ இதையே எக்ஸலில் செய்யப் பார்த்தால், ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுங்கள். அங்கே பட்டை போட, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் பரப்பு வரைபடத்தைப் பயன்படுத்துவார்கள். அடியில் 4.4, அதற்கு நிறம் இல்லை. அதன் மேல் நிறமுள்ள அடுக்கு. அந்த மேல் அடுக்குக்கு 7.0 என்று கொடுத்தால் பட்டை 11.4 வரை போய்விடும், ஏனென்றால் அது 4.4-இன் மேல் ஏறி உட்காருகிறது. கொடுக்க வேண்டியது வித்தியாசம், 2.6. இந்தப் பிழை படத்தில் அழகாகவே தெரியும், 8.9-உம் 8.6-உம்கூடப் பட்டைக்குள் இருப்பதாகக் காட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பட்டையின் மேல் ஓரத்திலிருந்து இடது அச்சுக்கு ஒரு ரூலர் வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும்.

தேதியிலும் கவனம் வேண்டும். நாம் நாளை முதலில் எழுதுகிறோம். கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 4/3 என்பதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு வாரப் படம் டிசம்பர் வரை நீண்டு, 13-ஆம் தேதி முதல் ஒன்றும் இல்லாமல் இருந்தால் காரணம் அதுதான். மேலே உள்ள நிரலில் `format`-ஐ நான் வெளிப்படையாகக் கொடுத்தது அதற்காக. அப்புறம் அலகு. தமிழ்நாட்டு உறவினர் வாங்கிக் கொடுத்த மீட்டர் என்றால் திரையில் mg/dL இருக்கலாம், நம் ஊரில் mmol/L. டைரியில் திடீரென்று 126 என்று ஓர் எண் வந்தால், 18-ஆல் வகுத்து 7.0 என்று போடுங்கள்.

கடைசியாக, இந்தப் படத்தால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. ஞாயிறு இரவு 13.2 ஆனது அந்தச் சாப்பாட்டாலா, அல்லது சாப்பிட உட்காரும் முன்பே 10 இருந்ததா? மாலை தே தாரேக்கும் பலகாரமும் போயிருந்தால் அப்படியும் இருக்கலாம். சாப்பிட்ட பிறகு எடுத்த எண் மட்டும் இருக்கும்போது இரண்டையும் பிரிக்க முடியாது. ஸ்ட்ரிப் காசு கொடுத்து வாங்குவது, எல்லா நாளும் எல்லா வேளையும் சோதிக்கச் சொல்ல மாட்டேன். வாரநாள் இரவுச் சோதனையில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, வரும் ஞாயிறு சாப்பிட உட்காரும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை, திங்கள் காலை பசியாறும் முன் ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள். என்ன சாப்பிட்டார் என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முந்தைய எண்ணுக்கு வெறும் வயிற்றுப் பட்டையே பொருந்தும். ஆனால் அதை மேல் கட்டத்தில் கலக்காமல், கீழ்க் கட்டத்தில் உள்ளே நிறமில்லாத வட்டமாகப் போட்டு, அன்றைய கறுப்புப் புள்ளியோடு ஒரு செங்குத்துக் கோட்டால் இணையுங்கள். அந்தக் கோடு நீளமாக இருந்தால் பேச்சு இரவுச் சாப்பாட்டைப் பற்றி, குட்டையாக இருந்தால் அன்று மாலை முழுவதையும் பற்றி.